தொண்டையில் நிற்கும் உருண்டை

பகல் உணவில் குழம்பு பிசைந்த சோற்றையும் பொரியலையும் எவ்விதத் தடையுமின்றி உண்டு முடித்து, மோரையும் ஒரே மூச்சில் பருகிவிட்டு எழுந்த ஒருவர், சிறிது நேரம் கழித்து நாற்காலியில் சாய்ந்து சும்மா இருக்கையில், தொண்டைக்குழியில் நெல்லிக்காய் அளவுள்ள ஏதோ ஒன்று மேலே வரவும் மாட்டாமல் கீழே இறங்கவும் மாட்டாமல் நிற்பதாக உணர்ந்து, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்து, விழுங்க விழுங்க அது பெரிதாவதைக் கண்டு கலவரமடைகிறார். சோறு தாராளமாக இறங்கிய வழியில் ஒரு துளி எச்சில் இறங்க ஏன் இத்தனை பாடுபட வேண்டும் என்ற கேள்வி அவருக்கு அச்சத்தையே தருகிறது. ஆனால் அவரைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கோ, அந்த முரண்பாடே மிகப் பெரிய ஆறுதல். ஏனெனில் உணவுக்குழலை உண்மையாகவே அடைத்து நிற்கும் எந்தப் பொருளும், எச்சிலை மறித்துவிட்டுச் சோற்றுக்கு வழிவிடுவதில்லை.

இந்த உபத்திரவம் அபூர்வமானதன்று. மேலைநாடுகளில் ஆரோக்கியமான மனிதர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இதை அனுபவித்ததாகக் கூறியிருக்கின்றனர். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் புதிதாக வருபவர்களில் 100-க்கு நால்வர் இதற்காகவே வருகின்றனர் என்பதும் அங்குள்ள கணக்கு. நடுவயதில் இது மிகுதி. வலியில்லாமல், கழுத்தின் நடுக்கோட்டில், சாப்பிடும் வேளையில் மறைந்து இடைவேளைகளில் தோன்றுவதாய், விழுங்குவதற்கு எவ்வித இடையூறும் செய்யாததாய் இருப்பதே இதன் லட்சணம். வைத்திய நூல்கள் இதை ‘குளோபஸ்’ என்ற பெயரால் குறிக்கின்றன.

இது எங்ஙனம் உண்டாகிறதென்பதை அறிய, தொண்டையின் அடிப்பாகத்தில் உள்ள ஒரு சிறு தசையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். குரல்வளையின் கீழ்ப்பகுதியில் மோதிரம் போன்ற வடிவுடைய குருத்தெலும்பு ஒன்று இருக்கிறது; அதன் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு, உணவுக்குழலின் வாயைப் பின்புறமாகச் சுற்றி வளைத்து, மறுபக்கத்தில் வந்து பற்றிக்கொள்ளும் அந்தத் தசை, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் இறுகியே இருக்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போதெல்லாம் காற்று இரைப்பைக்குள் புகாமலும், இரைப்பையில் உள்ளது மேலேறித் தொண்டையையும் மூச்சுக்குழலையும் அடையாமலும் காப்பது அதன் தொழில். ஒரு கவளத்தை விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலும் முன்னுமாக எழும்ப, அந்தத் தசை தளர்ந்து, ஏறக்குறைய அரை விநாடி நேரமே வாயில் திறந்து, கவளம் சென்றதும் மீண்டும் மூடிக்கொள்கிறது. உணவு அந்த வழியே செல்லுந்தோறும் தசை நன்றாக விரிந்து தளர்ந்து ஓய்வு பெறுகிறது. வெறும் எச்சிலை விழுங்கும்போதோ, விரிப்பதற்குப் போதுமான பொருள் இல்லாமையால், அது அரைகுறையாகத் திறந்து மூடுகிறது.

இதை வாசகர் இப்போதே தம் சரீரத்தில் சோதித்துப் பார்க்கலாம். தண்ணீர் எதுவும் பருகாமல், அடுத்தடுத்து ஐந்தாறு முறை எச்சிலை விழுங்க முயன்றால், மூன்றாவது அல்லது நான்காவது முயற்சியில் வாய் வறண்டு, விழுங்குவது சிரமமாகி, தொண்டைக்குழியில் ஏதோ திரண்டு நிற்பது போன்ற உணர்ச்சி எந்த வியாதியும் இல்லாதவருக்கும் உண்டாகும். பின் ஒரு வாய் தண்ணீர் பருகினால் அது மறைந்துவிடும். ஆகவே இந்த உணர்ச்சியை உண்டாக்கும் ஆற்றல் எல்லோருடைய தொண்டையிலும் இருக்கிறது. சிலருக்கு மட்டும் அது ஏன் நாட்கணக்கில் நீடிக்கிறது என்பதே ஆராய வேண்டிய விஷயம்.

நீண்ட காலம் வரையில் வைத்தியர்கள் இதற்கு ஒரே காரணத்தைக் கூறிவந்தனர். பண்டைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே அறியப்பட்டிருந்த இந்த நோய், மனக்கோளாறுள்ள பெண்களுக்கு வருவது என்று கருதப்பட்டு, ‘ஹிஸ்டீரியா’ என்ற அடைமொழியையும் சுமந்து பல நூற்றாண்டுகளைக் கழித்தது. 1707-ஆம் ஆண்டிலேயே ஜான் பர்செல் என்ற ஆங்கில வைத்தியர், கழுத்தின் முன்புறத்துத் தசைகள் இறுகிக் குரல்வளைக் குருத்தெலும்பை அழுத்துவதால் இது நேரிடலாம் என்று எழுதியிருந்தும், அந்தக் கருத்து பரவவில்லை. 1968-இல் மால்கம்சன் என்ற மருத்துவர், இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஹிஸ்டீரியாவின் குணங்கள் எவையுமே இல்லை என்று கண்டு, அந்த அடைமொழியை நீக்கி, தொண்டையைக் குறிக்கும் சொல்லை அதனிடத்தில் அமைத்தார். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று கூறி அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது என்பதை மருத்துவ உலகம் அதன் பின்னரே மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

மனத்தைக் குற்றம் சொல்வது குறைந்தபோது, பழி இரைப்பையின்மேல் விழுந்தது. உணவுக்குழலின் கீழ்வாயிலும் ஒரு தசை வளையம் உண்டு. அது தளரும்போது இரைப்பையிலுள்ள அமிலம் மேலேறுவதையே எதுக்களித்தல் என்கிறோம். அது தொண்டையில் உருண்டையைத் தோற்றுவிக்க இரண்டு வழிகள் உள்ளன. அமிலமும், அத்துடன் வரும் பெப்சின் என்ற ஜீரண ரசமும் தொண்டை வரை ஏறி, அமிலத்தைத் தாங்கிப் பழகாத அந்த மெல்லிய சவ்வை நேரே உறுத்துவது ஒரு வழி. மற்றொன்று சற்று நுட்பமானது. அமிலம் உணவுக்குழலின் கீழ்ப்பாகத்தை மட்டுமே தொட்டாலும், மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே செய்தி சென்று, மேல்வாயில் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகுகிறது. கீழே நேரும் உறுத்தலை மேலே நேர்வதாகவே உணரும் இயல்பும் உணவுக்குழலுக்கு உண்டு. அதன் கீழ்ப்பாகத்தில் ஒரு சிறு பலூனை வைத்து ஊதியபோது, சிலர் கழுத்திலேயே அடைப்பு ஏற்பட்டதாகக் கூறியதைச் சோதனைகளில் கண்டிருக்கின்றனர். நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் உள்ளவருக்குத் தொண்டையில் உருண்டை தோன்றினால், இரண்டிற்கும் தொடர்புண்டு என்று எண்ணுவது நியாயமே.

எனினும், அந்த நியாயத்தை எல்லை கடந்து நீட்டியதால் ஒரு தவறான வழக்கம் வேரூன்றிவிட்டது. தொண்டையில் உறுத்தல் என்று வந்தவர் யாராயினும், நெஞ்செரிச்சல் உண்டா என்று கேளாமலே, ‘கண்ணுக்குத் தெரியாத எதுக்களிப்பு’ என்று கூறி, அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுப்பதே அந்த வழக்கம். குழாய் வழியே பார்க்கும்போது குரல்வளையின் பின்புறம் சிவந்திருப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. ஆனால் அத்தகைய சிவப்பு எந்த உபத்திரவமும் இல்லாதவர்களிடமும் ஏராளமாகக் காணப்படுகிறது. 2021-ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தெளிவான விடை தந்தது. உருண்டை உணர்ச்சி, செருமல், குரல் கம்மல் முதலிய நீடித்த தொண்டைத் தொல்லைகளுடன் வந்த 346 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு லான்சோபிரசோல் மாத்திரையை நாள்தோறும் இருவேளையும், மறுபிரிவினருக்கு அதே தோற்றமுள்ள மருந்தில்லா மாத்திரையையும் 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓரளவு குணம் ஏற்பட்டது; மருந்து உண்டவர்கள் உண்ணாதவர்களைவிட எவ்விதத்திலும் அதிக நன்மை பெறவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அம்மாத்திரை பயன்படும். தொண்டையில் உருண்டை மட்டுமே உள்ளவருக்கு அதில் பெரிய பயனை எதிர்பார்ப்பதற்கில்லை என்பதே இதன் பொருள்.

மனத்தின் பங்கும் இல்லாமற் போகவில்லை. துக்கம் தொண்டையை அடைப்பதும், அழுகையை அடக்கும்போது விழுங்க முடியாமற் போவதும் யாவரும் அறிந்தவை. மன அழுத்தம் மிகும்போது மேல்வாயில் தசையின் இறுக்கம் உயர்வதையும், உறக்கத்தில் அது வெகுவாகத் தாழ்ந்துவிடுவதையும் கருவிகளால் அளந்தே கண்டிருக்கின்றனர். இங்கே வியாகூலம் என்பது கற்பனை நோயை உண்டாக்கும் பொய்க் காரணமன்று. சரீரத்தில் அளக்கக்கூடிய மாறுதலை விளைவிக்கும் மெய்க் காரணம். இத்துடன் கவனம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. எச்சில் விழுங்குவதைச் சாதாரணமாக நாம் கவனிப்பதே இல்லை; ஒரு நாள் அதில் கவனம் பதிந்துவிட்டால், ‘இருக்கிறதா, போய்விட்டதா’ என்று சோதிப்பதற்காகவே அடிக்கடி விழுங்கத் தோன்றுகிறது. அவ்வாறு வறட்சியாக விழுங்குவதும், தொண்டையைச் செருமுவதும் தசையை மேலும் இறுக்கிச் சவ்வைப் புண்படுத்த, உருண்டை பெரிதாக, அச்சம் பெருக, அச்சம் மறுபடியும் தசையை இறுக்க, ஒரு விஷச் சுழல் உருவாகிறது. தொடக்கிவைத்தது ஒரு வார ஜலதோஷமாகவோ, சில நாள் எதுக்களிப்பாகவோ இருக்கலாம். அது அகன்ற பின்னும் சுழல் தானே சுழல்கிறது.

இவையனைத்தும் ஒரே நபரிடத்தில் எவ்வாறு கலந்து வருகின்றன என்பதைக் காட்ட ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். நாற்பத்து மூன்று வயதுள்ள பள்ளி ஆசிரியை ஒருவர், நான்கு மாதங்களாகத் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வருகிறார். அவருடைய பெரியப்பா அதற்குச் சிறிது காலத்திற்கு முன்புதான் தொண்டைப் புற்றுநோயால் காலமானார். அந்தச் செய்தியை அவர் தாமாகச் சொல்லவில்லை, வைத்தியர் கேட்ட பிறகே சொல்கிறார்.

“சாப்பிடும்போது எப்படி இருக்கிறது, அம்மா?”

“சாப்பிடும்போது அந்த நினைப்பே வருவதில்லை, டாக்டர். இட்லி, சப்பாத்தி எல்லாம் நன்றாக இறங்குகிறது. எழுந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தால்தான் தெரிகிறது.”

எங்கே என்று கேட்டதும், கழுத்தின் நடுவில், மார்பெலும்புக்கு மேலுள்ள குழியைத் தொட்டுக் காட்டுகிறார். விழுங்கும்போது வலி இல்லை, எடை குறையவில்லை, வெற்றிலை, புகையிலை, புகைப்பழக்கம் எதுவுமில்லை. பாடம் நடத்தும்போது உருண்டை தோன்றுவதில்லை. மாலையில் தனியே இருக்கும்போதுதான் மிகுதியாகிறது. இரவு உணவு பத்து மணிக்கு, உடனே படுக்கை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் நெஞ்செரிச்சலும் உண்டு. வைத்தியர் வாயினுள் பார்க்கிறார்; கழுத்தை இருபுறமும் தடவி, நெறிகட்டியிருக்கிறதா என்றும் தைராய்டு வீங்கியிருக்கிறதா என்றும் சோதிக்கிறார்; பின்னர் மூக்கின் வழியே ஒரு மெல்லிய வளையும் குழாயைச் செலுத்திக் குரல்வளையையும் அதன் சுற்றுப்புறத்தையும் காண்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தப் பரிசோதனையில், அவ்வம்மையார் தம் தொண்டையைத் திரையில் தாமே காண்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

இதற்குமேல் அவருக்குச் செய்ய வேண்டியவை சிலவே. இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக முடிப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் அரையடி உயரக் கட்டையை வைப்பதும் எதுக்களிப்பைக் குறைக்கும். நெஞ்செரிச்சல் உண்மையாகவே இருப்பதால், அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரைமணி முன்னதாக எட்டு வாரங்களுக்கு உண்ணச் சொல்கிறார். பயன் இல்லையெனில் அதை நிறுத்திவிட வேண்டுமென்பதையும் முதல் நாளே கூறிவிடுகிறார். செரும வேண்டும் என்றோ, எச்சிலை விழுங்கிப் பார்க்க வேண்டும் என்றோ தோன்றும்போதெல்லாம், பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு வாய் மெல்லப் பருகுவதே அந்தச் சுழலை அறுக்கும் நேரான உபாயம். கழுத்தையும் தோளையும் தளர்த்தி, வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதும் தசையை இளக்கும். இத்தகைய பயிற்சிகளைக் குரல் பயிற்சியாளரிடம் கற்றவர்களுக்கு நன்மை ஏற்பட்டிருக்கிறது. இவையனைத்தினும் மேலாக, பெரியப்பாவின் நோய் வேறு, இது வேறு என்பதைக் காரணத்தோடு விளக்கிச் சொல்வதே சிகிச்சையின் முதற்பகுதி. எட்டு வாரங்களில் நெஞ்செரிச்சல் அகல்கிறது. உருண்டை ஒரேயடியாக மறையவில்லை எனினும், பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் மட்டும் தலைகாட்டிப் போகிறது. அப்படி மீண்டும் வருவது அபாயத்தின் அறிகுறியன்று; இந்நோயாளிகளைச் சராசரி ஏழரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த உணர்ச்சி நீடித்தபோதிலும், ஒருவருக்கும் தொண்டைப் புற்றுநோய் தோன்றவில்லை.

இப்போது மற்றொருவரைக் கருதுவோம். ஐம்பத்தெட்டு வயதுள்ள அவர், முப்பது ஆண்டுகளாகப் புகையிலையோடு வெற்றிலை போடுபவர். அவரும் ‘தொண்டையில் ஏதோ நிற்கிறது’ என்றே சொல்கிறார். ஆனால் அது நடுவில் இல்லை. வலப்பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்திற்கு முன் தோசை இறங்கச் சிரமமாயிருந்தது. இப்போது சோற்றையும் ரசம் விட்டுக் கரைத்தே உண்கிறார். விழுங்கும்போது வலப்பக்கக் காதில் குத்துகிறது. வேட்டியைப் பழைய இடத்தில் கட்டினால் நிற்பதில்லை. முதலாமவரும் இவரும் தொடக்கத்தில் கூறிய சொற்கள் ஒன்றே. நோய்களோ முற்றிலும் வேறு. இவருக்கு உடனே குழாய்ப் பரிசோதனை, எண்டாஸ்கோபி, ஸ்கேன் முதலியவை நடைபெற வேண்டும். ஒரு மாதம் மாத்திரை உண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது, குணப்படுத்தக்கூடிய காலத்தை இழப்பதாகும்.

ஆகவே மேற்கொண்டு ஆராய வேண்டிய நிலைகள் இவை: உணவு உண்மையாகவே சிக்குவது, அதிலும் கெட்டியான ஆகாரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் வளர்வது, விழுங்கும்போது வலிப்பது, உண்டது ஜீரணமாகாமலே திரும்பி வாயில் வருவது, காரணமின்றி எடை குறைவது, மூன்று வாரங்களுக்கு மேலாகக் குரல் கம்மியிருப்பது, கழுத்தில் கட்டி தட்டுப்படுவது, ஒரு பக்கத்தில் மட்டும் நிலைத்திருக்கும் உணர்ச்சி அல்லது காது வலி, எச்சிலில் இரத்தம். இவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதிக்கலாகாது. புகையிலையும் மதுவும் பழகியவர்களிடம் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை.

நம் நாட்டுப் பெண்களைப் பொறுத்தமட்டில் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் நெடுங்காலம் இரத்தசோகையில் இருக்கும் சிலருக்கு, மேல்வாயில் தசைக்கு அருகே உணவுக்குழலின் உட்புறத்தில் மெல்லிய சவ்வுத் திரை ஒன்று வளர்ந்து, கெட்டியான உணவைத் தடுக்கிறது. நாக்கு வழுவழுப்பாகி, நகங்கள் குழிந்து, வெளிறிய முகத்துடன் ‘சோறு சிக்குகிறது’ என்று கூறும் பெண்ணை, மனக்கவலை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது பெரும்பிழை. எளிய இரத்தப் பரிசோதனை வழியைக் காட்டிவிடும். இரும்புச்சத்தும், வேண்டியவர்க்கு அத்திரையை விரித்துவிடும் சிகிச்சையும் நிவாரணம் தரும். இந்நிலை பிற்காலத்தில் அவ்விடத்துப் புற்றுநோய்க்கு இடந்தருவதும் உண்டாதலால், கண்டறிவது இரட்டிப்பு அவசியம்.

அபாயக் குறிகள் எவையுமில்லாதவருக்கு, கழுத்தைத் தடவிப் பார்ப்பதும் மூக்கின் வழியான ஒருமுறைக் குழாய்ப் பரிசோதனையும் போதுமானவை; பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே படம் இவர்களிடத்தில் எதையும் கண்டறிவது அரிது. எல்லா முயற்சிகளுக்கும் பின்னரும் தொல்லை குறையாதபோது, எண்டாஸ்கோபி செய்பவர் உணவுக்குழலின் மேற்பகுதியையும் நிதானித்துப் பார்ப்பது நலம். பிறவியிலேயே இரைப்பையின் சவ்வு ஒரு சிறு திட்டாக அங்கே அமைந்து உறுத்துவது சிலரிடம் உண்டு. அவசரமாகக் குழாயை உருவும்போது அது கண்ணில் படாமலே போய்விடும். அதுவும் இல்லையென்றால், உறுத்தலை உணரும் நரம்புகளை அமைதிப்படுத்துவதற்காக அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் வைத்தியர் தருவதுண்டு; அதைப் பித்துக்குத் தரும் மருந்து என்று எண்ணி மறுக்க வேண்டியதில்லை.

தொண்டையில் உருண்டை நிற்பதாகத் தோன்றுபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி ஒன்றுதான்: ‘உண்ணும்போது இது குறைகிறதா, கூடுகிறதா?’ குறைகிறதென்றால், ஒருமுறை முறையாகப் பரிசோதித்துக்கொண்டு, முடிவை நம்பி, மறுபடி மறுபடி விழுங்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். கூடுகிறதென்றால், ஒரு வாரமும் கடத்தாமல் தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.